செவுத்துப் போட்டோவில் சிரித்த பெண்

சுவர் முழுக்கப் போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழும் பெயர், ஊர், வேலை. சௌகத் அலி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் நம்ம ஸ்டூடண்ட்ஸ் பாய்!" என்றார் பக்தவத்சலம். செங்கல்பட்டில் புதிதாக முளைத்த பிரபாத் வணிகப் பயிலகத்தின் பிரின்சிபால். "நூத்துக்கு நூறு வேலை. இதோ, சர்டிபிகேட் மாதிரி பாருங்க."

கையில் வந்த டிப்ளமா கல்யாணப் பத்திரிகையைவிடக் கனமாக இருந்தது. ஓரமெல்லாம் தங்கக் கலர். அடியில் வட்ட முத்திரை. 'செக்ரட்டேரியல் டிப்ளமா.' சௌகத் அலி சொக்கிப் போனார். சைக்கிள் கடை வைத்திருக்கும் அவர், தன் பெண் அமீனாவின் பெயரை அந்தக் காகிதத்தில் மனசாலேயே எழுதிப் பார்த்துவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். அமீனா ஏற்கெனவே எதிர்த்தெரு உலகநாதனிடம் டைப் பழகிக்கொண்டிருந்தாள். அரசாங்க டெக்னிக்கல் பரீட்சைக்கு, லோயர் கிரேடுக்கு, விண்ணப்பம் அனுப்பத் திங்கட்கிழமை கடைசி நாள். விட்டால் அடுத்த பரீட்சை அரை வருஷம் தள்ளி. பிரபாத்தில் சேர்ந்தாலோ, "அந்தப் பரீட்சை எல்லாம் எதுக்கு பாய், நம்ம டிப்ளமாவே போதும்" என்று பக்தவத்சலம் சிரித்தார்.

வீட்டில் மனைவி ஜெய்புன்னிசா சிரிக்கவில்லை.

"என் தம்பிக்குப் பொண்ணு பாக்க சொல்லோ, பக்கத்து வூட்ல கேட்டீங்க, பார்பர் கிட்ட கேட்டீங்க, அந்த வூட்டுக்குப் பால் ஊத்துறவனைக் கூட விட்டு வைக்கல. இங்க மட்டும் போட்டோ பாத்ததும் மயங்கிட்டீங்களா?"

"கண்ணால பாத்தேன் புள்ள. எல்லாருக்கும் வேலை கீது."

"போட்டோவுக்கு வேலை கீது. ஆளுக்கு கீதான்னு பாத்துகினு வாங்க. அதுவும் அவர் காட்டுற ஆள் வேணாம். நீங்களா ஒண்ணைப் பொறுக்குங்க."

சௌகத் அலிக்கு உறைத்தது. கல்யாண விசாரணையில் அவரை மிஞ்ச செங்கல்பட்டில் ஆள் கிடையாது. மறுநாளே பிரபாத் போய், சுவரில் ஒரு போட்டோவைத் தட்டினார். 'பதருன்னிசா. சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தில் வேலை.'

"அந்தப் பொண்ணு ரொம்ப பிசி பாய்," என்றார் பக்தவத்சலம் அவசரமாக. "இதோ, இந்த எல்லப்பன் பக்கத்துலதான் இருக்கான்..."

சௌகத் அலி பஸ் ஏறிவிட்டார்.

சதுரங்கப்பட்டினத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மளிகைக் கடை ஷஃபியுல்லா என்றால் யாரும் கை காட்டுவார்கள். வாசலில் நின்று சலாம் சொன்னார்.

"நான் செங்கல்பட்டு. உங்க பொண்ணைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். ஷஃபியுல்லாவின் முகம் மின்சார பல்பு போலப் பிரகாசமானது.

"வாங்க வாங்க! உக்காருங்க!" உள்ளே திரும்பி ஒரு சத்தம். திரை அசைந்தது. தேநீர் வந்தது, பின்னாலேயே தட்டு நிறைய தம்ரூட் இனிப்பு. சௌகத் அலிக்கு ஆச்சரியம். பயிலகத்தைப் பற்றிக் கேட்க வந்தவனுக்கு இவ்வளவு மரியாதையா? நல்ல குடும்பம் என்று ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணுக்குக் கல்பாக்கத்துல வேலைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா பாய்! பெரிய ஆபீஸ். சம்பளம் கவர்ல போட்டுக் குடுப்பாங்க."

"வேலை நிரந்தரமா?"

"மலை மாதிரி நிரந்தரம்!"

சௌகத் அலி நிம்மதியானார். பக்தவத்சலம் பொய் சொல்லவில்லை. ஆனாலும் விசாரணை என்றால் விசாரணை.

"நிமிஷத்துக்கு எத்தினி வார்த்தை அடிக்கும்?"

ஷஃபியுல்லா விழித்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சமையலைக் கேட்பார்கள், தொழுகையைக் கேட்பார்கள். இது புதுசு.

"நல்லா... வேகமாத்தான் அடிக்கும்."

"கூடப் படிச்சவங்கல்லாம் எங்க கீறாங்க?"

"அதெல்லாம் எதுக்கு பாய்? உங்க பையன் இன்னா பண்றாரு, சொல்லுங்க."

"பையனா? எனக்குப் பையனே கிடையாதே. ஒரே பொண்ணு."

ஷஃபியுல்லாவின் கை தம்ரூட் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தது.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"என் பொண்ணை பிரபாத்ல சேக்கலாமான்னு கேக்கத்தான்!"

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள் பதருன்னிசா. சுவரில் சிரித்த அதே பெண். நிஜத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"அத்தா, இனிமே நெசத்தை சொல்லலாம்ல?"

ஷஃபியுல்லா கூரையைப் பார்த்தார்.

"கல்பாக்கத்துல வேலை செஞ்சது நெசம் மாமா," என்றாள். "ஆனா கட்டட கான்ட்ராக்டர் கிட்ட. கேட் பாஸ் எழுதுற தினக்கூலி. அதையும் வாங்கிக் குடுத்தது எங்க தாய்மாமா. ரெண்டே மாசம், கட்டடம் முடிஞ்சுது, வேலையும் முடிஞ்சுது. நான் வேலைல சேந்த விஷயம் தெரிஞ்சதும் பிரின்சிபால் வந்து போட்டோ வாங்கினு போனாரு. இப்ப நான் வூட்லதான் கீறேன். போட்டோதான் இன்னும் டியூட்டில கீது."

"அந்த டிப்ளமா?"

"எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுல நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. டைப்பிஸ்ட்னு பதியணும்னா அரசாங்கப் பரீட்சை சர்டிபிகேட் கொண்டான்னு சொல்லி, எஸ்.எஸ்.எல்.சி.ன்னு மட்டும் எழுதினாங்க. முத்திரை பெருசா இருந்தா ஆச்சா? யார் முத்திரைன்னு பாக்க வேணாமா? இப்ப லோயருக்கு முதல்ல இருந்து பழகிக்கினு கீறேன்."

சௌகத் அலி ஷஃபியுல்லாவைப் பார்த்தார். "தெரிஞ்சுகினே இன்னாத்துக்கு பாய் அந்தப் போட்டோவை விட்டு வச்சீங்க?"

"அந்த செவுத்தைப் பாத்துட்டு ரெண்டு சம்பந்தம் வந்துது," என்றார் ஷஃபியுல்லா பரிதாபமாக. "நான் ஏன் கழட்டுறேன்?"

அடக்கமுடியாமல் சௌகத் அலியும் சிரித்துவிட்டார். தட்டு மறுபடி அவர் பக்கம் வந்தது.

செங்கல்பட்டு திரும்பியதும் நேரே பிரபாத்துக்குப் போனார். பக்தவத்சலத்திடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"செவுத்துல கீறவங்களோட இங்க படிக்க சேந்தவங்க மொத்தம் எத்தினி பேரு? அதுல இன்னிக்கு வேலைல கீறவங்க எத்தினி?"

"பாய், அதெல்லாம்... உங்க பொண்ணு போட்டோவ நடுவுல மாட்டுறேன். பெரிய சைஸ்ல!"

"சேரவே இல்லியே சார்."

"அதனால இன்னா? முன்கூட்டியே மாட்டிடலாம்."

சௌகத் அலி தெருவைத் தாண்டி உலகநாதனின் பயிலகத்துக்குப் போனார். பழைய மெஷின்கள் தடதடத்தன. சுவரில் ஒரே ஒரு காலண்டர். விசாரணைக்காரர் இவரையும் விடவில்லை.

"உங்க கிட்டப் படிச்சா வேலை கிடைக்குமா சார்?"

"வேலை நான் தர்றதில்ல பாய்," என்றார் உலகநாதன், மெஷின் ரிப்பனை மாட்டியபடியே. "பரீட்சைக்கு அனுப்புவேன். போன தடவ எழுதினவங்க விலாசம் தரேன், போய்க் கேளுங்க. பாதிப் பேர் பாஸ்."

"மீதி?"

"ஃபெயில். அவங்க விலாசமும் தரேன். அவங்கதான் என்னை நல்லா திட்டுவாங்க."

சௌகத் அலிக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. அமீனாவைக் கூப்பிட்டு அங்கேயே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

இரவு சாப்பாட்டின்போது அவர் இரண்டாவது இட்லியோடு எழுந்துவிட்டார்.

"பொண்ணு பாக்கப் போன வூட்ல தம்ரூட்டை மொத்தமா முடிச்சுட்டீங்களா?" என்றாள் ஜெய்புன்னிசா.

"நல்ல பொண்ணு புள்ள. உங்க அண்ணன் மவன் முனீருக்குக் கேக்கலாம்னு தோணுது."

"கேளுங்களேன்."

"கேட்டேன். வரும்போதே ஷஃபியுல்லா காதுல போட்டேன்." சௌகத் அலி தலையைச் சொறிந்தார். "மெட்ராஸ்ல பெரிய கம்பெனில வேலைன்னு சொன்னேன். பொண்ணு திரைக்குப் பின்னால இருந்து கேட்டுது: நிரந்தரமா, கான்ட்ராக்டா? சொல்றது முனீரா, நீங்களா?"

ஜெய்புன்னிசா தட்டை எடுத்தாள். "அதை முனீர் கிட்ட நாமளே இன்னும் கேக்கலியே," என்றாள்.