நடு வால்வு

பிளம்பர் செய்முறைத் தேர்வில் தேர்வாளர் பட்டியலின் கடைசி வரிக்கு வந்துவிட்டார். பைப்பை நேராக அறுத்தது, பிசிறு எடுத்தது, பசை தடவி ஒட்டிக் காயவிட்டது, தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றியது என்று எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருந்தது. பம்பில் ஏற்றிய அழுத்தம் இறங்காமல் நின்றால் அண்ணனுக்குச் சான்றிதழ். அது கிடைத்தால்தான் அவருக்காகக் காத்திருக்கும் வேலையும் கிடைக்கும். அடுத்துத் தேர்வு எழுத வேண்டிய தம்பி அழுத்தம் காட்டும் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் அசையவே இல்லை.

"நின்னுடுச்சுப்பா!" என்று தேர்வாளர் பேனாவை எடுத்தார்.

"சார், டிக் போடாதீங்க. நடு வால்வு மூடியிருக்கு," என்றார் அண்ணன்.

வீடு வீடாக ரிப்பேர் பார்த்த கை அது. காற்றை வெளியேற்றி முடித்ததும் பழக்கதோஷத்தில் வால்வை மூடிவிட்டது. அதற்கு அப்பால் இருந்த பாதி பைப்புக்கு அழுத்தமே போயிருக்கவில்லை.

"உனக்கு எதுக்குண்ணே இந்த வம்பு?" என்று தம்பி பல்லைக் கடித்தான்.

அண்ணன் வால்வைத் திறந்து மறுபடி பம்பு அடித்தார். முள் மெல்ல இறங்கியது. கடைசி எல்போ வளைவில் ஒரு சொட்டு துளிர்த்தது.

"பேசாம இருந்திருந்தா பாஸ் ஆகியிருப்பே," என்றார் தேர்வாளர்.

"நான் பாஸ் ஆகியிருப்பேன் சார். நாளைக்கு ஒரு வீட்டுக்காரர் சுவரு ஃபெயில் ஆகியிருக்கும்."

தேர்வாளர் சிரித்துக்கொண்டே மறுதேர்வு என்று எழுதினார். அடுத்த மாதம் அண்ணன் தேறியபோது அந்த வேலை கைமாறிப் போயிருந்தது. அவர் முகம் கோணவில்லை.

இப்போது அண்ணன் இல்லை. எந்த வீட்டிலும் தம்பி எல்லா வால்வையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பம்பில் கை வைக்கிறான்.