பானைக்குக் காவல்

நந்தியால் நகரத்து மெஸ்ஸில் அரிசிச்சோற்றுக்குப் பதிலாக மூன்று நாளாக வைக்கும் தினைச்சோறு உதிரியாக வராமல் களியாகக் குழைந்தது. எடுபிடி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த மத்தம்மாதான் சோற்றுப்பானையில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சமையற்காரி ஓபுலம்மாவுக்குச் சந்தேகம். நான்காம் நாள் அடுப்பை விட்டு அவள் நகரவேயில்லை. அரைமணி நேரம் ஊறிய தினையை வடித்து, படியால் அளந்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து மூடினாள். திறந்தால் அதே களி.

"எப்படிடி ஊத்துன?" என்று பாய்ந்தாள்.

"நான் எங்கக்கா ஊத்துனேன்? ஊறி உப்புன தினைய அளந்து தண்ணி வச்சா கொழையாம என்ன செய்யும்? ஊறப்போடுறதுக்கு முன்னாடில்ல அளக்கணும்!" என்றாள் மத்தம்மா.

"தெரிஞ்சுக்கிட்டே மூணு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தியா?"

"மொத நாளே சொல்லத்தான் வந்தேன். பானைகிட்ட வராதேன்னு கரண்டியத் தூக்குனது யாருக்கா?"