முதல் தொகை எப்போது வரும்?

எங்கள் வீட்டில் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. அம்மா வேலுத்தாய் பதினெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ரூமில் இருந்தாள். போனஸ் எம்புட்டு என்று கேட்டவர்களைப் போர்மேன் சங்கிலிமுத்து அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார். கவரைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும். பி.காமோடு சேர்த்து நானும் அதைத்தான் படித்திருந்தேன்.

நவம்பரில் விருதுநகரில் ஒரு கடன் கம்பெனியில் வசூல் வேலை கிடைத்தது. கடிதத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சம். எச்.ஆர். ரோஷினி மேடம் போனில், "சம்பளம் பத்தி ஏதாச்சும் கேக்கணுமா, முனியராஜ்?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். கேட்டால் வேலை போய்விடும் என்று பயம். மூன்று லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துக்கொண்டு அம்மாவிடம் பீற்றினேன்.

"மாசம் இருபத்தஞ்சாயிரம்மா. இந்த வருஷம் முன்பணம் வாங்காத. வீட்ல இரு."

தீபாவளி முடிந்து முன்பணம் வாங்கினால்தான் அடுத்த சீசனுக்கு இடம் உறுதி. அம்மா வாங்கவில்லை. அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

டிசம்பரில் பதினான்காயிரம் வந்தது. ஜனவரியிலும் அதுதான். வாடகையும் தங்கச்சி பீஸும் கழுத்தை நெரித்த பிறகுதான் மேடத்துக்குப் போன் போட்டேன்.

அவர் கோபப்படவே இல்லை. "மூணு லட்சத்துல நாப்பத்தெட்டாயிரம் இன்சென்டிவ், அறுபதாயிரம் வேரியபிள். மீதிதான் மாசச் சம்பளம், அதுலயும் பி.எஃப். இருக்கு. இன்சென்டிவ் ஆறு மாசம் புரொபேஷன் முடிஞ்சு வர்ற முழு காலாண்டுலருந்து. உங்களுக்கு ஜூலை டூ செப்டம்பர். பணம் அக்டோபர் சம்பளத்தோட."

"வேரியபிள் மேடம்?"

"அப்ரைசல் ஏப்ரல் டூ மார்ச். அக்டோபருக்கு அப்புறம் சேந்தவங்க இந்த மார்ச் கணக்குல வர மாட்டாங்க. அடுத்த மார்ச் முடிஞ்சு ரேட்டிங் போட்டு ஜூன்ல பணம். அன்னைக்கு நீங்க வேலையில இருக்கணும். ரெண்டுமே டார்கெட் முடிச்சாத்தான் முழுசா வரும். ஆஃபர் குடுத்தப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

மொத்தம் இரண்டு நிமிஷம். இந்த இரண்டு நிமிஷக் கேள்வியை நவம்பரில் கேட்காமல் விட்டிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எப்ப வருமாம்லே?" என்றாள் அம்மா.

"அக்டோபர்லம்மா. அதுவும் டார்கெட் முடிச்சா."

"அப்ப தீபாவளி வரைக்கும் ஒண்ணும் வராதுன்னு சொல்லு." அவ்வளவுதான் கேட்டாள். மத்தியானம் சங்கிலிமுத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். இடம் கிடைத்ததாம், முன்பணமும் கொடுத்தாராம்.

"பேக்கிங்லதானம்மா?"

அவள் முன்பணத்தில் தங்கச்சி பீஸை எண்ணித் தனியே வைத்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. அம்மா வளையல்களைக் கழற்றினாள். தோட்டையும் கொண்டை ஊசிகளையும் கழற்றி என் ஆஃபர் கடிதத்தின்மேல் வைத்தாள். பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் அப்படிப் போனதில்லை. இரும்போ தகரமோ உரசினால் தீப்பிடிக்கும் என்று பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ரூமுக்குப் போகிறவர்கள்தான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போவார்கள்.