நோட்டீஸ்ல போட்டிருக்கு

அந்தக் கம்பெனி அட்டைப்பெட்டி விற்கிற கம்பெனி. கேக் பெட்டி, செருப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அங்கே அதிகம் உற்பத்தியானது நோட்டீஸ்தான். மேனேஜருக்கு ஆபீஸ் வைத்திருந்த பெயரே சுற்றறிக்கை. குழாய் சொட்டினால் நோட்டீஸ் வரும், குழாயைச் சரி செய்ய ஆள் வர மாட்டான். டீ கப்பைக் கழுவி வைக்கும் முறை பற்றி மட்டும் மூன்று திருத்தங்களோடு நோட்டீஸ் உண்டு. யாராவது சந்தேகம் கேட்டால் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு, "நோட்டீஸ்ல போட்டிருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இருந்தால்தானே வரும்.

கணக்குப் பிரிவில் இரண்டு வருஷமாகத் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த பெண்ணைக் கணக்கம்மா என்று கூப்பிடுவார்கள். வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று அந்த வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். வீட்டு வாடகை, பையன் பள்ளிக்கூடம், எல்லாமே அந்த வெள்ளிக்கிழமையின் தலையில்தான் நின்றது. அதனால் அந்த வாரம் வாயைக் கட்டி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் கணக்கு சாஃப்ட்வேருக்குக் கோளாறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏதோ புதுப்பித்தார்களாம். திங்கட்கிழமை முதல் ஒரு வரவைப் பதிந்தால் இரண்டாக விழுந்தது. சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து உடனே மெயில் வந்துவிட்டது. ஒவ்வொரு வரவுக்கும் பேங்க் தரும் ரெஃபரன்ஸ் நம்பர் உண்டு. இரட்டையாக விழுந்ததில் அந்த நம்பரும் ஒன்றாகவே இருக்கும். அப்படிப்பட்டதைக் குறித்து மட்டும் வையுங்கள், அழிக்காதீர்கள், வியாழக்கிழமை நாங்களே நீக்கித் தருகிறோம். குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள்.

அதைச் சுற்றறிக்கை தன் பாணியில் சுருக்கினார். செவ்வாய்க்கிழமை காலை பலகையில் தொங்கியது:

"அனைத்துப் பணியாளர்களுக்கும். கணக்கு மென்பொருள் சரியாகும் வரை, ஒரே பெயரில் ஒரே நாளில் ஒரே தொகை ஒன்றுக்கு மேல் காணப்பட்டால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை உடனே அழிக்கவும். தாமதம் ஏற்கப்பட மாட்டாது. மேலாளர்."

ரெஃபரன்ஸ் நம்பர் போன இடம் தெரியவில்லை. அழிக்காதீர்கள் என்பது அழிக்கவும் ஆகிவிட்டது. அதைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்த கணக்கம்மா, சுற்றறிக்கை தன் மேஜைப் பக்கம் வந்ததும் பேசிவிட்டாள். கட்டி வைத்த வாய் அவிழ்ந்துவிட்டது.

"சார், தொகையை மட்டும் பார்த்து அழிச்சா தப்பாயிடும். பேக்கரிக்காரம்மாவுக்கு ரெண்டு கடை. ரெண்டுக்கும் ஒரே அளவு பெட்டி. திங்கக்கிழமை ஆனா ரெண்டு தடவை ஒரே தொகை போடுவாங்க. நம்பர் பார்த்தாத்தான் எது நிஜம்னு தெரியும்."

"நோட்டீஸ்ல போட்டிருக்கும்மா."

"அதான் சார், நோட்டீஸ்ல நம்பர் விட்டுப் போச்சு."

இதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மனுஷன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எழுந்திருங்க. இதுல என்ன பிரம்ம வித்தை இருக்குன்னு நானே காட்டறேன்" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது என் லாகின் சார். உங்களுதுல போயிடுங்க."

"எல்லாம் ஒரே கம்பெனிதானம்மா."

பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நிமிஷம் பார்த்து அவரவர் திரையில் அவசர வேலை வந்துவிட்டது. நல்ல ஜனங்கள். அவர் ஒரு விரலால் தட்டித் தட்டி அழித்தார். பேக்கரி பெயரில் ஒரே தொகை நான்கு வரி இருந்தது. நிஜம் இரண்டு, கோளாறு இரண்டு. சுற்றறிக்கை ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றையும் தூக்கினார். கணக்கம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷம் ஒரு தப்பு இல்லாமல் வைத்திருந்த கணக்கில் ஒருத்தன் செருப்புக் காலோடு நடக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மத்தியானம் இன்னொரு நோட்டீஸ். பெருமை தாங்கவில்லை போலிருக்கிறது. "சிலர் கடினம் என்று கருதிய பணியை, இன்று கணக்குப் பிரிவில் நானே நேரில் அமர்ந்து, 11.05 முதல் 11.22 வரை பதினேழே நிமிடத்தில் 42 பதிவுகளை அழித்து முடித்துள்ளேன். மற்றவர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளவும்." சிலர் என்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு நம்பர் நம்பராகச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை பேக்கரிக்காரம்மா நேராகவே வந்துவிட்டாள். கையில் பேங்க் தாள். "ஒரு கடைக்குப் பணம் கட்டலைன்னு சாஃப்ட்வேர் சொல்லுதாம், உங்க குடோன்ல பெட்டி ஏத்த மாட்டேங்கறாங்க. ரெண்டு தடவை கட்டினதுக்கு இதோ சாட்சி. நாளைக்கு அறுபது கேக் போகணும், நான் மடியில வச்சுக் குடுக்கறதா?"

சத்தம் கேட்டு முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூடவே சுற்றறிக்கை, கையில் ஒரு தாளோடு. சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது அழித்தார்கள் என்று பதிவு இருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கேட்டு வாங்கி அதை அச்செடுத்து வந்திருந்தார். இந்த வேலைக்கு மட்டும் சுறுசுறுப்பு.

"அழிச்சது எல்லாம் இந்தம்மா லாகின்ல மேடம். செவ்வாய்க்கிழமை. நாப்பத்திரெண்டு. தற்காலிக ஆளுங்களை வச்சா இப்படித்தான்."

கணக்கம்மாவுக்குப் பயம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. ஆனால் அதைவிட அருவருப்புதான் பெரிதாக இருந்தது. செய்ததை அடுத்தவர் தலையில் கட்டுவதற்காவது கொஞ்சம் மூளை வேண்டாமா என்று நினைத்தாள்.

"நேரம் போட்டிருக்கா மேடம் அதுல?" என்றாள்.

முதலாளியம்மா தாளைப் பார்த்தார். "பதினொண்ணு அஞ்சுலேர்ந்து பதினொண்ணு இருபத்திரெண்டு."

"பலகையில கடைசி நோட்டீஸைக் கொஞ்சம் படிச்சுடுங்க மேடம்."

முதலாளியம்மா நின்ற இடத்திலிருந்தே படித்தார். வாய்விட்டுத்தான் படித்தார், முன்மாதிரி வரைக்கும். பிறகு தாளை மறுபடி பார்த்தார். சுற்றறிக்கை தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். "அது வந்து மேடம், நான் மேற்பார்வைதான்" என்று பூசி மெழுகப் பார்த்தார். பேக்கரிக்காரம்மாவே சிரித்துவிட்டாள்.

"இந்தம்மாவோட பெட்டியை முதல்ல ஏத்தச் சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா. "எத்தனை நிஜ வரவு போச்சு?"

"நாலு மேடம்" என்றாள் கணக்கம்மா. அன்றைக்கே நம்பரோடு குறித்து வைத்திருந்தாள்.

"நீங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நிரந்தர ஆர்டர் இன்னைக்கே வரும்." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "அந்த நாலையும் நீங்களே பதியுங்க. உங்க சொந்த லாகின்ல. அந்த நோட்டீஸை யாரும் எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்."

இரண்டு வருஷக் கனவு இப்படி ஒரு அசிங்கத்தின் வழியாக வந்ததில் அவளுக்கு சந்தோஷம்கூட முழுசாக வரவில்லை.

அரை மணி நேரம் கழித்து சுற்றறிக்கை அவள் மேஜைப் பக்கம் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. மேனேஜராகி நான்கு வருஷத்தில் அந்த சாஃப்ட்வேருக்குள் சொந்தப் பெயரில் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை.

"ஏம்மா, லாகின் பண்ணி வரவைப் பதியறது எப்படி?"

கணக்கம்மா திரையைப் பூட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பினாள்.

"போன வருஷம் நீங்க கையெழுத்துப் போட்டு ஒட்டினதுதான் சார்" என்றாள். "நோட்டீஸ்ல போட்டிருக்கு."