தலை மூடிய நான்கு

அந்த மருத்துவமனையின் கணக்குப் பிரிவு, மருந்தகத்துக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருந்தது. மேசை இரண்டு, இரும்பு அலமாரி ஒன்று, எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும் பிரின்டர். வெளியிலிருந்து வரும் பில்களைச் சரிபார்த்து கணினியில் ஏற்றுவது அவளுடைய வேலை. அவள் ஏற்றாத பில்லுக்கு யாரும் காசோலை எழுத மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் ‘கணக்கக்கா’. ஒருவனுக்கு மட்டும் அண்ணி. அவள் கணவனின் தம்பி அங்கேயே பராமரிப்பு மேற்பார்வையாளனாக இருந்தான். அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததும் அவள்தான்.

மாதக் கடைசி. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் டப்பாவைக் கழுவி வைப்பதற்குள் கொழுந்தன் உள்ளே வந்தான்.

“அண்ணி, ஃபயர் சிலிண்டர் எல்லாத்தையும் நிரப்பியாச்சு. இதான் பில்லு. கடைக்காரர் கையில காசு குடுத்தாத்தான் ஆச்சுன்னு நின்னுட்டாரு. நானே குடுத்துட்டேன். என் பேருக்குப் போட்டு விட்டுருங்க.”

“ஒரிஜினல் எங்க? இது பிரின்ட்டு மாதிரில்ல இருக்கு?”

“வண்டியில வரும்போது மழையில நனைஞ்சு கூழாயிருச்சு. நல்ல காலம், முன்னாடியே ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன்.”

சொல்லிவிட்டு அவள் டப்பாவில் மிச்சமிருந்த ஊறுகாயை விரலால் வழித்து நக்கிக்கொண்டே போய்விட்டான். வீட்டிலும் அவன் அப்படித்தான். அவள் சிரித்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டு தீயணைப்பான்கள், ஒன்று அறுநூற்றைம்பது வீதம் 24,700. வரி 520. மொத்தம் 25,220. பெருக்கிப் பார்த்தாள், சரியாக வந்தது. கூட்டிப் பார்த்தாள், அதுவும் சரி. ஏற்றிவிடலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தவள், வரிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றாள்.

வரி பத்து சதவீதம் என்று பில்லிலேயே அச்சாகியிருந்தது. இருபத்துநாலாயிரத்து எழுநூற்றுக்குப் பத்து சதவீதம் 2,470 அல்லவா? 520 எங்கிருந்து வந்தது? 520 என்பது 5,200க்குத்தான் வரி. ஐயாயிரத்து இருநூற்றை அறுநூற்றைம்பதால் வகுத்தாள். எட்டு.

முப்பத்தெட்டில் உள்ள எட்டு.

அலமாரியிலிருந்து அதே கடையின் பழைய பில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கடைக்காரர் அச்சடிக்கும் எழுத்தில் நான்கு என்ற எண்ணின் தலை திறந்திருக்கும். புதிய பில்லிலும் பில் எண்ணிலும் தொலைபேசி எண்ணிலும் அப்படியே திறந்துதான் இருந்தது. 24,700இல் மட்டும் நான்கின் தலை முக்கோணமாக மூடியிருந்தது. முப்பத்தெட்டில் மூன்று ஒரு மயிரிழை மேலே ஏறி நின்றது. தொகைகள் எல்லாம் வலது ஓரத்தில் ஒரே கோட்டில் முடிய வேண்டும். 24,700, 25,220 என்ற இரண்டு தொகைகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. அவன் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த கோப்பைத் திறந்து பெரிதாக்கினாள். ஸ்கேன் செய்த தாள் முழுக்க லேசான சாம்பல் நிறம். எழுத்தெல்லாம் ஓரத்தில் கொஞ்சம் மங்கல். அந்தத் தொகைகளைச் சுற்றி மட்டும் பளிச்சென்று வெள்ளைக் கட்டம். கட்டத்துக்குள் எண்கள் புத்தம் புதிதாக, கூர்மையாக நின்றன.

பிசகாக இருக்கும், கடைக்காரரே திருத்தி அடித்திருப்பார் என்று மனம் சமாதானம் தேடியது. எழுந்து வெளியே போனாள்.

குழந்தைகள் வார்டுக்குப் போகும் தாழ்வாரத்தில் சிவப்பு உருளைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் புது ஸ்டிக்கர், நிரப்பிய தேதி இந்த மாதத்தியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகுதான் குனிந்து, கழுத்தில் அழுத்தம் காட்டும் சின்ன வட்ட மானியைப் பார்த்தாள். முள் பச்சையில் இல்லை, சிவப்பில் படுத்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து வீறிட்டது. நர்ஸ் ஒருத்தி, “என்ன கணக்கக்கா, பில்லப் பாக்குறதை விட்டுட்டு சிலிண்டரைப் பாத்துட்டு நிக்கிறீங்க?” என்று சிரித்துக்கொண்டே கடந்து போனாள்.

அறைக்குத் திரும்பி, புதிய பில்லில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் இருந்த எண்ணைப் பார்த்துக் கடைக்காரரை அழைத்தாள். எட்டு என்று தானாக வாய் விடவில்லை.

“இந்த மாசம் எங்களுக்கு எத்தனை சிலிண்டர் நிரப்பிக் குடுத்தீங்கண்ணே?”

“எட்டும்மா. வாசல்ல இருக்கறதும் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கறதும். மிச்சத்தை அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு உங்க சார் சொன்னாரே. ஸ்டிக்கர் மட்டும் கூட ரெண்டு தாள் வாங்கிட்டுப் போனாரு. ஏம்மா, ஏதாவது பிரச்சினையா?”

“உங்க கையில இருக்கற காப்பியை எனக்கு அனுப்புங்க. அவர்கிட்ட குடுக்க வேணாம், நேரா எனக்கு.”

காப்பி வந்தது. எட்டு, 5,200, வரி 520, மொத்தம் 5,720.

ஜெனரேட்டர் அறையின் ஓரத்தில் கொழுந்தன் தனியாக நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு தாளையும் அவன் முன் நீட்டினாள். அவன் கடைக்காரரின் காப்பியைத்தான் பார்த்தான், முகம் வெளிறியது.

“அண்ணி, நான் குடுத்த பில்லைக் குடுங்க. கிழிச்சுப் போட்டுட்டு சரியான பில்லைக் கொண்டாறேன். நீங்க இன்னும் ஏத்தலைல்ல? ஏத்தலைன்னா எதுவுமே நடக்கலைன்னுதானே அர்த்தம்?”

“அந்த ஸ்டிக்கரை ஒட்டினது யாரு தம்பி? அதுவும் நடக்கலையா?”

“அடுத்த மாசம் நிரப்பத்தான் போறேன். இத்தனை வருஷத்துல இங்க எப்பவாவது தீப்பிடிச்சிருக்கா?”

அவன் குரல் இறங்கியது.

“தனி வீடு பாத்திருக்கேன் அண்ணி. அதுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன், கையில இருந்ததெல்லாம் போச்சு. ஒரே அடுப்படியில ரெண்டு பேருக்கும் ஒத்துவரலைன்னு அண்ணன்கிட்ட சொன்னது நீங்கதானே? என் காதுல விழாதுன்னு நினைச்சீங்களா?”

சுருக்கென்று தைத்தது. சொன்னது உண்மைதான். அவன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டுப் போவதைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள். தாளைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நான் நிர்வாகிகிட்ட போறேன். நீயே முந்திப் போய் சொல்லிடு. உனக்கு நல்லது.”

“சொந்த வீட்டுக்கே குழி வெட்டுறீங்க அண்ணி” என்றான்.

அவன் போகவில்லை. அவளும் உடனே போகவில்லை. முதலில் அலமாரியைத் திறந்து, அவன் கையெழுத்தோடு வந்த பில்களை எல்லாம் உருவிப் பார்த்தாள். லிஃப்ட் பழுது பார்த்த பில் ஒன்று, கையால் எழுதியது. 7,200, 450, 200, மொத்தம் 7,850. கூட்டல் சரி. ஆனால் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தபோது, இரண்டு ஏழிலும் நெடுங்கோடு ஒரு நீலம், தலைக்கோடு வேறொரு நீலம். ஒன்றாகப் பிறந்து ஏழாக மாறியவை. கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையும் அதன் மேல் அவளுடைய கையெழுத்தும். அன்று கூட்டிப் பார்த்தாள்; கண்ணால் பார்க்கவில்லை. கொழுந்தன் கொண்டுவந்தது என்பதால்தான் பார்க்கவில்லை.

அந்த பில்லை உள்ளேயே வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, முதலில் தீயணைப்புக் கடைக்குத்தான் போன் செய்தார். இருட்டுவதற்குள் கடைக்காரரின் வண்டி வந்து, தாழ்வாரத்து உருளைகளை எல்லாம் இறக்கிவிட்டு மாற்று உருளைகளை மாட்டியது. அதற்கப்புறம்தான் அவளிடம் பேசினார்.

“இந்த லிஃப்ட் பில்லை நீங்களா கொண்டு வந்ததால நம்புறேன். ஆனா நாளைக்கு நாலு பேரு, அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து செஞ்சாங்கன்னு சொல்லுவாங்க. விசாரணை முடியற வரைக்கும் பில் பக்கம் நீங்க வர வேணாம்.”

“சரிங்க சார்.” சொந்தக்காரர் கொண்டுவரும் பில்லை இன்னொருவரிடம் தள்ளிவிட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கொழுந்தனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் வீட்டுக்கு வரவில்லை. நண்பன் வீட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். வழக்கமாக வந்ததும் வராததுமாக ரோட்டில் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்கிறவன், அன்று இரவு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவன் யோசித்தான். “தெரியலை” என்றான். கையைக் கழுவிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை ஓரகத்தி துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தாள், திருப்பவில்லை.

“அவரு போன்ல, ‘அண்ணிக்கு என் மேல பொறாமை, கதை கட்டிட்டாங்க’ன்னு சொல்றாரு. நெசமாவே அவர்தான் மாத்தினாராக்கா? நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

அவள் வரியைப் பற்றிச் சொன்னாள். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தலை திறந்த நான்கையும் தலை மூடிய நான்கையும் வரைந்து காட்டினாள். ஓரகத்தி நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு பையின் அடியில் கைவிட்டு, சேலை மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருந்த ரசீது ஒன்றை எடுத்தாள்.

“புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்த ரசீது. நாப்பதாயிரம். என் ரெண்டு வளையலையும் வித்துக் குடுத்தது. இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா.”

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரசீதுதான். எழுத்தால் தொகை எழுத வேண்டிய வரி காலியாக இருந்தது. எண்ணில் நான்கு, அதையடுத்து ஒரு காற்புள்ளி, அதன்பின் நான்கு சுழி. நாற்பதாயிரம் என்று எழுதுகிறவர் காற்புள்ளியை அங்கே போட மாட்டார். நாலாயிரம் என்று எழுதுகிறவர்தான் போடுவார். கடைசிச் சுழி மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுப்பாக, கொஞ்சம் பெரிதாக, தாளின் விளிம்பை இடித்துக்கொண்டு நின்றது.

அவள் நிமிர்ந்தாள். ஓரகத்திக்கு வயது இருபத்தாறுதான் என்பது அப்போது ஏனோ நினைவுக்கு வந்தது.

“வீட்டு ஓனர் நம்பர் இருக்கா? அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடலாம். நாமளா எதுவும் முடிவு பண்ண வேணாம்.”

“உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுதேக்கா.”

ஓரகத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பைக்குள் திணித்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடியில் வைத்து நீவத் தொடங்கினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியை இருவருக்கும் நடுவில் வைத்து, ரசீதில் இருந்த வீட்டு ஓனரின் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.