பாலாடை

கன்னியம்மாவுக்கும் நர்மதாவுக்கும் ஆகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் அந்தக் கம்பெனியில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை. கன்னியம்மா கேன்டீன் சமையல்காரி. நர்மதா குவாலிட்டி லேபில் மூடிகளை எடைபோட்டுப் பார்க்கிறவள், கேன்டீன் கமிட்டியிலும் உறுப்பினர். ஆறு மாதத்துக்கு முன் சாம்பாரில் கரப்பான் பூச்சி கிடந்ததென்று அவள் எழுதிக் கொடுத்தாள். கன்னியம்மா அட்மின் ஆபீசில் நின்று தலை குனிந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்களே, அன்றிலிருந்து நர்மதா தும்மினாலும் கன்னியம்மாவுக்குக் குற்றம்தான்.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பொட்டு மூன்று குட்டி போட்டபோது வந்தது அடுத்த வம்பு. பொட்டு கன்னியம்மாவின் பூனை. எலிக்காக வைத்தது என்று வெளியே சொல்லிக்கொள்வாள். மீன் வாங்குகிற நாளில் முதல் துண்டு யாருக்குப் போகிறதென்று பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். நர்மதா தினமும் காலையில், யாரும் கேட்காமலே, மூடி நிறுக்கிற தராசைத் தூக்கிக்கொண்டு வந்து குட்டிகளை எடைபோட்டாள்.

"நாளுக்குப் பத்து கிராமாச்சும் ஏறணும்க்கா. ஏறலன்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

"ஏம்மே, பூனைக்குட்டி இன்னா உன் பாட்டில் மூடியா, நிறுத்துப் பாக்கறதுக்கு? கண்ணு வெச்சே சாவடிச்சிருவ போல."

வாய் முகூர்த்தமோ என்னவோ, நாலாம் நாள் மதியம் கறுப்புக் குட்டி செத்துப்போனது. கன்னியம்மா சாப்பாட்டு வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னாள். அந்த லேப்காரி கண்ணு, தராசுல வெச்சிக் கண்ணு போட்டா, பூடுச்சு. ஷிப்ட் முடிவதற்குள் ஊரே நம்பியது. அட்மின் எட்வர்ட் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார்.

"இன்னொண்ணு செத்துச்சுன்னா தாயையும் குட்டியையும் சாக்குல கட்டி தூரமா விட்டுட்டு வரச் சொல்லிடுவேன். சோறு ஆக்கற இடம்மா இது." சொன்னால் செய்கிற ஆள்.

ஏழாம் நாள் காலை பத்தரை மணி. ஷிப்ட் ஆட்களுக்கு டீ வாளி போய்விட்டிருந்தது. கன்னியம்மா மூட்டைக்குப் பின்னால் குனிந்தாள். மஞ்சள் குட்டி தாயின் வயிற்றில் முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் குட்டி மட்டும் ஒரு முழம் தள்ளி, வெறும் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. முந்தின நாளெல்லாம் ஓயாமல் கத்தியது. இப்போது சத்தமே இல்லை. பொட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடுத்துக் காம்பில் வைத்தாள். வாய் திறக்கவில்லை, தலை தொய்ந்து விழுந்தது.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நாலு பிள்ளைகளை வளர்த்தவள், நாலுக்கும் பாலாடையில்தான் பால் புகட்டினாள். குடிக்காத குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்குப் பாலாடையைக் கடைவாயில் வைத்துச் சாய்த்தால் தானாக இறங்கும். வெண்கலப் பாலாடையை வீட்டிலிருந்து கொண்டுவந்தே வைத்திருந்தாள். பசும்பாலை ஊற்றினாள், குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டாள், சாய்க்கப் போனாள்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். நர்மதா, தராசோடு வந்து நின்றாள்.

"ஊத்தாதக்கா!"

"கைய உடுமே! பட்டினில சாவுது, உனுக்கு இன்னா தெரியும்?"

"பட்டினி அப்புறம். மொதல்ல தொட்டுப் பாரு, ஜில்லுனு கீது. வாய்க்குள்ள வெரலு வெச்சிப் பாரு."

"நீ ஒண்ணும் எனக்குச் சொல்லித் தர வேணாம். கரப்பான் பூச்சி பொறுக்கறவதான நீ?"

"நேத்து எடை ஏறல, இன்னிக்கு எறங்கியே இருக்கும். சில்லுனு இருக்கற குட்டிக்கு வயிறு வேல செய்யாது, ஊத்தற பாலு உள்ள அப்படியே நிக்கும். மல்லாக்கப் போட்டு ஊத்துனா நெஞ்சுக்குள்ளயே போயிரும்." நர்மதா கையை விடவில்லை. "கறுப்புக் குட்டிக்கும் இதத்தான செஞ்ச? மூக்குல பால் வந்துச்சா, இல்லியா?"

கன்னியம்மா மடியில் கிடந்த குட்டியைப் பார்த்தாள்.

வந்தது. மூக்கில் நுரை நுரையாகப் பால் வந்தது. இரண்டு தரம் இருமியது. முந்தானையால் துடைத்துவிட்டு, குடிச்சிடுச்சு என்று மனசு நிறைந்து அடுப்புக்குப் போனாள். திரும்பி வரும்போது அது விறைத்துக் கிடந்தது. அந்த நுரையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், யாரிடமும் சொல்லவும் இல்லை.

பாலாடை மடியில் சாய்ந்து பால் புடவையில் கொட்டியது.

"இன்னா செய்யணும்?" என்றாள். கேட்பதற்கே உடம்பெல்லாம் எரிந்தது.

நர்மதாவும் இரக்கப்பட்டு நிற்கவில்லை. "சுடுதண்ணி கொண்டா. கொதிக்கக் கூடாது, கை பொறுக்கற சூடு. ஒரு பாட்டில்ல ஊத்தி துண்டுல சுத்து. அடுப்புகிட்ட கொண்டு போயிராத, வெந்துபூடும். மெதுவாத்தான் சூடு ஏறணும்."

கன்னியம்மா ஓடினாள். நர்மதா குட்டியைக் காய்ந்த துண்டில் முகம் மட்டும் தெரியச் சுற்றி, பாட்டிலை ஒட்டிப் படுக்க வைத்து, அவ்வப்போது பக்கம் மாற்றினாள். ஈறு வெளுத்துக் கிடந்தது. வெதுவெதுப்பான நீரில் குளுக்கோஸ் கரைத்து விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவச் சொன்னாள்.

"ஊத்தாத. தடவு. சும்மா ஈரம் படணும், அவ்ளோதான்."

"தெரியுதுமே, கத்தாத."

"தெரிஞ்சிருந்தா ஒண்ணு செத்திருக்காது."

கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தடவினாள். சாதம் வடிக்க வேண்டிய நேரம் தாண்டியது. உதவிக்காரி வந்து கூப்பிட்டாள், திட்டு வாங்கிக்கொண்டு போனாள். நர்மதா கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். செய்கிறது சரிதான், நன்றாகச் சூடேறும்வரை பால் வேண்டாம், சூட்டோடே துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் அவர்.

முக்கால் மணி நேரம் ஆனது. துண்டுக்குள் ஒரு கால் உதைத்தது. பிறகு வாய் திறந்து, நூல் மாதிரி ஒரு சத்தம். கன்னியம்மா வாய்க்குள் விரல் நுனியை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வாய் விரலைப் பற்றிச் சப்பியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவள் எதிரில் அழுவதைவிடச் சாவது மேல் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப தாய்கிட்ட வை. குப்புற வை," என்றாள் நர்மதா.

காம்பைக் கவ்வியது. இரண்டு இழுப்பு, ஓய்வு, மறுபடி இரண்டு இழுப்பு.

"இன்னும் தப்பிச்சிருச்சுன்னு சொல்ல முடியாது. நான் டாக்டர்கிட்ட தூக்கிக்கினு போறேன். பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் கீது, அத வாங்கியாரேன். ரெண்டு மணிக்கொரு தரம் நீ பாக்கணும். எடை நான் பாப்பேன்."

கன்னியம்மா தலையாட்டினாள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் கறுப்புக் குட்டி... அதுக்கும் சூடு காட்டியிருந்தா?"

"பொழைச்சிருக்கலாம்."

பொய்யாகவாவது ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். நர்மதா சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ பிடிக்கக் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு வரிசை வாசல்வரை நின்றது. காலை எடையில் சாம்பல் குட்டி நாலு கிராம் ஏறியிருந்தது. நர்மதாவின் முறை வந்ததும், அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் வழக்கம்போல் ஓரடி தள்ளி நின்றார்கள். கண்ணு போடுகிறவள் அல்லவா. கன்னியம்மா அதைப் பார்த்தாள். கரண்டியைச் சாம்பார் அண்டாவின் விளிம்பில் டங்கென்று தட்டினாள். கூடம் அடங்கியது.

"கறுப்புக் குட்டிய நான்தான் சாவடிச்சேன். பாலாடைல பால் ஊத்தி, என் கையாலதான் சாவடிச்சேன். இவ கண்ணும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

நர்மதா அவளையே பார்த்துக்கொண்டு தட்டை நீட்டியபடியே நின்றாள்.

"இன்னாமே மொறைக்கற?" என்றாள் கன்னியம்மா, சாம்பாரை ஊற்றி. "வாங்கிக்கினு நகரு. பின்னால ஆளு நிக்கறாங்கோ."