இரண்டாம் கட்டத்துத் தனிக்காய்

காரைக்குடியில் பேக்கேமன், அதாவது பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம், போட்டியாக நடக்கும் என்று சொன்னால் ஊர்க்காரர்களே நம்பமாட்டார்கள். ஆனால் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக்கியவர்கள் அதன் பெரிய கூடத்தில் மூன்று வருஷமாக நடத்துகிறார்கள். இந்த வருஷம் இறுதிக்கு வந்தவர்களில் ஒருத்தி உள்ளூர்க்காரி, தீபலட்சுமி. பொற்கொல்லர் குடும்பம். மஸ்கட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தபோது, கூட இருந்தவர்களோடு ஆடிப் பிடித்துக்கொண்ட பழக்கம்.

எதிரே பெங்களூர் ஆதித்தன். பெரிய போட்டிகளில் ஜெயித்தவர். உட்காரும்போதே சிரித்துக்கொண்டு சொன்னார்:

"உங்க ஆட்டம் பாத்திருக்கேன் மேடம். ரொம்பப் பாதுகாப்பா ஆடுவீங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

முதலில் ஏழு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஆளுக்கு ஆறு ஜெயித்தாகிவிட்டது. மிஞ்சியது ஒரே ஆட்டம். அதில் ஆதித்தன் ஓட்டத்தில், அதாவது காய்கள் இன்னும் கடக்க வேண்டிய மொத்தக் கட்டக் கணக்கில், பதினாறு புள்ளி முன்னால் இருந்தார். அவருடைய காய்களில் ஒன்று மட்டும் தீபலட்சுமியின் 'வீடு' எனப்படும் கடைசி ஆறு கட்டங்களுக்குள், இரண்டாம் கட்டத்தில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என நாலு கட்டத்தையும் அவள் இரட்டைக் காய்களால் அடைத்திருந்தாள்; இரட்டை நிற்கும் கட்டத்தில் எதிராளி காய் இறங்க முடியாது.

பகடையை உருட்டினாள். நாலும் மூன்றும்.

பதின்மூன்றாம் கட்டத்திலிருந்து ஒரு காயை ஆறாம் கட்டத்துக்குக் கொண்டுவந்தால் அவள் காய் ஒன்றுகூடத் தனியாக நிற்காது. அல்லது, நாலை வைத்து ஆறாம் கட்டத்துக் காயால் அந்தத் தனிக்காயை அடிக்கலாம். அடிபட்ட காய் பலகை நடுவிலுள்ள பட்டைக்குப் போய், முதலிலிருந்து நுழைய வேண்டும். ஆனால் அடித்த காயும் அங்கே தனியாக நிற்கும்.

'அந்த மனுஷன் சொன்ன சொல்லுக்காக அடிக்கக் கூடாது,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'கணக்குச் சொன்னா அடிக்கலாம்.'

கணக்குப் போட்டாள். சும்மா விட்டால் ஐந்தோ ஆறோ விழுந்தால் அவர் வேலியைத் தாண்டிவிடுவார். முப்பத்தாறில் இருபது. அடித்தால், திருப்பி அடிக்க அவருக்கு ஒரு இரண்டு வேண்டும், இல்லையென்றால் இரட்டை ஒன்று. முப்பத்தாறில் பன்னிரண்டு. பதினாறு தடவை நுழையவே முடியாது. சரி, திருப்பி அடித்தால்தான் என்ன? அவர் வீட்டில் அடைத்திருப்பது ஐந்தும் ஆறும் மட்டும். நாலாம் கட்டத்தில் அவளுக்கே இரண்டு காய் ஊன்றி நிற்கிறது. உள்ளே நுழைவது பெரிய பாடில்லை.

அடித்தாள். மூன்றுக்கு, பதின்மூன்றிலிருந்து ஒரு காயைப் பத்தில் இறக்கினாள்.

ஆதித்தன் உருட்டினார். மூன்றும் இரண்டும். இரண்டால் நுழைந்து அவள் காயை அடித்துவிட்டார்.

பின்னாலிருந்து தங்கை ஹேமாவதி, "அய்யோ அக்கா!" என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது.

தீபலட்சுமி திரும்பவில்லை. உருட்டினாள். நாலும் இரண்டும்.

நாலால் தன் இரட்டைக் காய்களோடு சேர்ந்து பத்திரமாக நுழையலாம். இல்லை, இரண்டால் நுழைந்து, நாலால் மறுபடி அடிக்கலாம். இந்தத் தடவை நுழைகிற காயும் அங்கே தனியாகத்தான் நிற்கும். ஆனால் அது இப்போதுதான் நுழைகிற காய்; அடிபட்டால் இழப்பது இரண்டே புள்ளி. மற்றபடி எல்லாம் அதே கணக்கு. ஒரு தடவை தப்பிப்போச்சு என்பதற்காகக் கணக்கு மாறிவிடாது.

மறுபடியும் அடித்தாள்.

ஆதித்தன் முகத்தில் சிரிப்பு இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உருட்டினார். ஐந்தும் மூன்றும். இரண்டும் அடைபட்ட கட்டங்கள். பட்டையிலேயே கிடந்தது காய்.

அவளுக்கு ஆறும் இரண்டும் விழுந்தது. பத்தில் நின்ற காய் நேராக இரண்டாம் கட்டத்துக்கு வந்து தனிக்காய்க்குத் துணை நின்றது. ஐந்து கட்டம் அடைப்பு. திறந்திருந்தது ஒன்றாம் கட்டம் மட்டும். அடுத்தடுத்து உருட்டியும் அவருக்கு ஒன்று விழவில்லை. அதற்குள் பதின்மூன்றில் இருந்த இரண்டும் வந்து ஏழாம் கட்டத்தில் சேர்ந்தன. ஆறு கட்டம் தொடர்ச்சியாகச் சுவர். அதற்குமேல் ஓட்டம் எல்லாம் அவள் கையில்.

கடைசிக் காயையும் பலகையிலிருந்து வெளியே எடுத்து அவள் ஜெயித்தபோது ஆதித்தன் எழுந்து கை நீட்டினார்.

"முதல் அடி நானும் அடிச்சிருப்பேன். ரெண்டாவதுக்கு எனக்கு யோசனை வந்திருக்கும் மேடம்."

"எனக்கும் வந்துச்சுங்க. யோசிச்சுட்டுத்தான் அடிச்சேன்."

வாசலில் அம்மா நாகவல்லி நின்றிருந்தாள். ஆட்டத்தில் ஒன்றும் புரியாது அவளுக்கு. பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்தா கோப்பையோட வாரா பாத்தீகளா, அது எம்மக. அடிபட்டும் திருப்பி அடிச்சாளாம்ல!"

தீபலட்சுமிக்கு அந்தக் குரல் கூடத்தின் நடுவிலேயே கேட்டது. கோப்பையைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் நடந்தாள்.